அரைப் பக்கம் போதும்

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில், ஒரு ஜூலை மாதம், மூன்று பக்க விடுப்புக் கடிதம் ஒன்று என் மேசைக்கு வந்தது. எழுதியவர் பல ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவர். முதல் பக்கத்தில் வலி எப்படித் தொடங்கியது என்று எழுதியிருந்தார். இரண்டாம் பக்கத்தில் பார்த்த மருத்துவர்கள், ஆன செலவு, மகளின் படிப்பு. மூன்றாம் பக்கம் முழுக்க வேண்டுகோள். படித்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு அனுமதி எழுதப் பேனாவை எடுத்தபோதுதான் தெரிந்தது, எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் விடுப்பு என்று மூன்று பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. கணக்கு வாத்தியார் எண்ணை மறந்துவிட்டார்.

கடிதத்தைத் திருத்தி வாங்க ஆள் அனுப்பினேன். அவர் அதற்குள் வேறு ஊர் மருத்துவமனையில் சேர்ந்திருந்தார். அவருடைய மகன் புதிய கடிதம் கொண்டுவர எட்டு நாள் ஆயிற்று. அந்த மாதச் சம்பளப் பட்டியல் அவர் பெயர் இல்லாமல் போயிற்று. மருத்துவமனைக்குப் பணம் கட்ட வேண்டிய வாரத்தில் அவருக்குச் சம்பளம் வரவில்லை.

நீண்ட சிகிச்சைக்கு விடுப்புக் கேட்கும் ஆசிரியர் பெரும்பாலும் பயத்தில் இருக்கிறார். பயத்தில் இருப்பவர் நிறைய எழுதுவார். ஆனால் இந்தக் கடிதத்தைப் படிப்பவர்கள் வேறு வேலையாகப் படிக்கிறார்கள். தலைமையாசிரியர் அந்த வகுப்புகளுக்கு யாரை அனுப்புவது என்று பார்க்கிறார். அலுவலக உதவியாளர் விடுப்புக் கணக்கில் கழிக்க வேண்டிய நாட்களைத் தேடுகிறார். சில ஆண்டுகள் கழித்துத் தணிக்கைக்கு வருபவர், சம்பளம் வழங்கிய நாட்களுக்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்கிறார். மூவருக்கும் தேவைப்படுவது தேதி, நாட்களின் எண்ணிக்கை, விடுப்பின் வகை, சான்று. இவை இருந்தால் அரைப் பக்கமே போதும். இவை இல்லாவிட்டால் முப்பது பக்கமும் போதாது.

முதலில் வகையைப் பார்ப்போம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ‘மெடிக்கல் லீவ்’ என்று சொல்வதற்கு, 1933-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுப்பு விதிகளில் உள்ள பெயர் ‘மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு’. வேலை செய்து சேர்த்தது ஈட்டிய விடுப்பு. நோய்க்காக அரசு தருவது ஈட்டா விடுப்பு. இதன் அளவு பணிக்காலத்தைப் பொறுத்தது. 2 ஆண்டு முடித்தவருக்கு 90 நாள், 5 ஆண்டு முடித்தவருக்கு 180, 10 ஆண்டு முடித்தவருக்கு 270, 15 ஆண்டு முடித்தவருக்கு 360, 20 ஆண்டைத் தாண்டியவருக்கு 540. இது ஆண்டுக்கு ஆண்டு புதிதாகக் கிடைப்பதன்று. அதுவரையிலான பணிக்காலம் முழுமைக்கும் சேர்த்த அளவு. முன்பு எடுத்ததைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் கேட்க முடியும். ஆண்டுக்கு 12 நாள் கிடைக்கும் தற்செயல் விடுப்பை இதனுடன் சேர்த்து ஒட்டவும் முடியாது.

ஆகவே கடிதம் எழுத உட்காரும் முன்பு செய்ய வேண்டிய வேலை, அலுவலகத்தில் தன்னுடைய பணிப்பதிவேட்டைக் கேட்டு விடுப்பு இருப்பைப் பார்ப்பதுதான். பலர் இதைச் செய்வதில்லை. பத்து ஆண்டுக்கு முன்பு மஞ்சள் காமாலைக்கு எடுத்த விடுப்பு ஞாபகத்தில் இருக்காது. பதிவேட்டில் இருக்கும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். அரசு உயர்நிலைப் பள்ளியில் 13 ஆண்டு பணி முடித்த அறிவியல் ஆசிரியை ஒருவர். மார்பகப் புற்றுநோய் என்று பயாப்ஸியில் தெரிந்துவிட்டது. ஜூலை 7-ஆம் தேதி அறுவை சிகிச்சை. காயம் ஆற நான்கு வாரம். பிறகு 21 நாளுக்கு ஒரு முறை என்று எட்டு முறை கீமோதெரபி. அதன் பின் மூன்று வாரம் கதிர்வீச்சு. கடைசியில் இரண்டு வாரம் ஓய்வு. மருத்துவர் சொன்ன இந்தத் திட்டத்தைக் கூட்டிப் பார்த்தால் 28, 168, 21, 14, ஆக 231 நாள்.

இவருக்குரிய மொத்த அளவு 270 நாள். பிள்ளைப்பேற்றுக்குச் சில ஆண்டுகள் கழித்து, கர்ப்பப்பை அறுவைக்காக 45 நாள் எடுத்திருக்கிறார். மீதி 225. தேவை 231. ஆறு நாள் குறைகிறது. அதை ஈட்டிய விடுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பள்ளி ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறை உண்டென்பதால் ஈட்டிய விடுப்பு ஆண்டுக்கு 17 நாள்தான். ஆனாலும் இவர் கணக்கில் அறுபது நாளுக்கு மேல் சேர்ந்திருக்கிறது. இந்தக் கணக்கு கையில் இருந்தால் ஏழு மாதத்தில் எங்கே இடறும் என்று இப்போதே தெரியும். கடைசி வாரத்தில் தெரிந்தால் அது வேறு கதை.

231 நாளையும் ஒரே கடிதத்தில் கேட்டுவிடலாமே என்று தோன்றும். இரண்டு காரணத்தால் அது சரிவராது. முதல் காரணம் உடம்பு. ஒவ்வொரு கீமோவுக்கு முன்பும் இரத்தப் பரிசோதனை செய்வார்கள். வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருந்தால் அந்த ஊசி ஒரு வாரம் தள்ளிப்போகும். எட்டில் இரண்டு தள்ளிப்போனாலே கணக்கு 245 ஆகிவிடும். அதனால் எந்த மருத்துவரும் ஏழு மாதத்துக்குத் தேதி போட்டுச் சான்று தரத் தயங்குவார். இரண்டாவது காரணம் நடைமுறை. 60 நாளைத் தாண்டும் மருத்துவ விடுப்பை மருத்துவக் குழுவின் பார்வைக்கு அனுப்புவது வழக்கம். எனவே முதல் கடிதத்தில் 60 நாள் கேட்டு, மீதியை நீட்டிப்பாகக் கேட்பதே நடக்கக்கூடிய வழி.

இனி கடிதம். அந்த ஆசிரியை எழுதுவதாக இருந்தால் இப்படி இருக்கலாம்:

அனுப்புநர்: (பெயர், பணிப்பதிவேட்டில் உள்ளபடி), பட்டதாரி ஆசிரியர் (அறிவியல்), அரசு உயர்நிலைப் பள்ளி, (ஊர்).

பெறுநர்: தலைமையாசிரியர், அரசு உயர்நிலைப் பள்ளி, (ஊர்).

அம்மையீர்,

பொருள்: மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு 60 நாள், 7.7 முதல் 4.9 வரை அனுமதிக்கக் கோருதல் – சார்பு.

வணக்கம். எனக்கு 7.7 அன்று அறுவை சிகிச்சை செய்யவும், தொடர்ந்து சிகிச்சை அளிக்கவும் மருத்துவர்கள் தேதி குறித்துள்ளனர். இணைப்பில் உள்ள மருத்துவச் சான்றின்படி, 7.7 முதல் 4.9 வரை 60 நாட்களுக்கு மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சிகிச்சை இந்த நாட்களுக்குப் பின்னும் தொடரக்கூடும் என்பதால், தேவைப்பட்டால் உரிய சான்றுடன் முன்கூட்டியே நீட்டிப்புக்கு விண்ணப்பிப்பேன்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் மதிப்பெண் பதிவேடுகளையும் ஆய்வகச் சாவியையும் 4.7 அன்று தங்களிடம் ஒப்படைத்துவிடுகிறேன். விடுப்புக் கால முகவரியும் தொலைபேசி எண்ணும் கீழே தரப்பட்டுள்ளன.

தங்கள் உண்மையுள்ள, (கையொப்பம், தேதி)

இணைப்பு: 1. மருத்துவச் சான்று, நாள் 2.7 (அசல்). 2. மருத்துவமனையில் சேர்வதற்கான கடிதத்தின் நகல்.

இவ்வளவுதான். நோயின் பெயர் கடிதத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். மறைப்பதற்காக அல்ல, அதற்குரிய இடம் மருத்துவச் சான்று. கடிதம் தலைமையாசிரியர் மேசையிலிருந்து அலுவலக உதவியாளர், பட்டியல் எழுதுபவர் என்று பல கைகளுக்குப் போகும். சான்றை உறையிலிட்டு, மேலே தலைமையாசிரியரின் பார்வைக்கு என்று எழுதி நேரில் கொடுக்கலாம். ‘கருணை கூர்ந்து’, ‘தங்கள் பாதம் பணிந்து’ போன்ற சொற்களும் இல்லை. விடுப்பைத் தருவதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு என்பது உண்மைதான். அந்த முடிவுக்கு அடிப்படையாக இருப்பது சான்று. மன்றாட்டு அதில் ஒரு நாளையும் கூட்டாது.

ஒப்படைப்புப் பற்றிய இரண்டு வரி சிலருக்குத் தேவையற்றதாகத் தோன்றலாம். தலைமையாசிரியர் முதலில் தேடுவது அதைத்தான். பத்தாம் வகுப்பின் மதிப்பெண் பதிவேடு பீரோவில் பூட்டிக் கிடக்க, சாவி மருத்துவமனையில் இருக்கும் ஆசிரியரின் கைப்பையில் இருந்த நாளை நான் பார்த்திருக்கிறேன். அவரைத் தொந்தரவு செய்யவும் மனம் வரவில்லை. செய்யாமல் இருக்கவும் முடியவில்லை.

தேதியில் ஒரு சின்னக் கண்ணி உண்டு. 7.7 முதல் 60 நாள் என்றால் எந்தத் தேதி வரை? ஜூலையில் 7 முதல் 31 வரை 25 நாள். ஆகஸ்ட் 31 நாள். இரண்டும் சேர்ந்து 56. செப்டம்பரில் நான்கு நாள். ஆக 4.9 வரை. பலர் தொடங்கும் நாளைச் சேர்க்காமல் எண்ணி 5.9 வரை என்று எழுதிவிடுவார்கள். அது 61 நாள். கடிதத்தில் 60 என்றும் தேதியில் 61 என்றும் இருந்தால் உதவியாளர் பென்சிலால் சுழித்துத் திருப்பித்தான் அனுப்புவார். நடுவில் வரும் ஞாயிறும் அரசு விடுமுறையும் இந்த எண்ணிக்கையில் சேரும்.

இப்போது சான்று. பல விண்ணப்பங்கள் விழுவது இங்கேதான். ‘இவர் என்னிடம் சிகிச்சை பெற்றுவருகிறார், ஓய்வு தேவை’ என்று மருந்துச் சீட்டில் எழுதிய இரண்டு வரியைக் கொண்டுவருவார்கள். அது விடுப்புச் சான்று ஆகாது. விடுப்புக்கான சான்று எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, மருத்துவர்களின் நடத்தை பற்றி இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வெளியிட்ட விதிமுறைகளின் பின்னிணைப்பிலேயே ஒரு படிவம் இருக்கிறது. அதில் மேலே நோயாளி மருத்துவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். அங்க அடையாளங்கள் எழுத வேண்டும். பிறகு மருத்துவர், மேலே கையொப்பமிட்டவர் இன்ன நோயால் அவதிப்படுகிறார், அவர் உடல்நலம் பெற இன்ன தேதியிலிருந்து இத்தனை நாள் பணிக்குச் செல்லாமல் இருப்பது கட்டாயம் என்று சான்றளிக்கிறார். கீழே இடம், தேதி, கையொப்பம், பதிவு எண்.

வாங்கியவுடன் அங்கேயே நின்று பார்க்க வேண்டியவை இவை: தேதி இருக்கிறதா, நாட்களின் எண்ணிக்கை இருக்கிறதா, உங்கள் கையொப்பம் இருக்கிறதா, மருத்துவரின் பதிவு எண் இருக்கிறதா. முதலெழுத்தையும் பாருங்கள். பணிப்பதிவேட்டில் தந்தையின் முதலெழுத்தோடு இருக்கும் பெயர், மருத்துவமனை அட்டையில் கணவரின் முதலெழுத்தோடு இருக்கும். பெண் ஆசிரியர்களின் சான்றுகள் பாதி இதற்காகவே திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். மருத்துவமனையில் பதிவு செய்யும் முதல் நாளே பதிவேட்டுப் பெயரைக் கொடுத்துவிட்டால் ஏழு மாதத்துக்கும் கவலை இல்லை.

அந்த விதிமுறைகளில் நோயாளிக்குப் பயன்படும் இன்னும் இரண்டு செய்திகள் உள்ளன. தான் கொடுத்த சான்றுகளுக்கு மருத்துவர் பதிவேடு வைத்து, நகலும் வைத்திருக்க வேண்டும். அசல் தொலைந்தால் எங்கே கேட்பது என்பதற்கு இதுவே பதில். இரண்டாவது, நோயாளி தன் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மருத்துவக் குழு முன் போக வேண்டிய நேரத்தில், ‘ரெக்கார்டு ரூம் ஆள் லீவு, அடுத்த வாரம் வாங்க’ என்று சொன்னால் இந்த விதியை எடுத்துச் சொல்லலாம். பொய்ச் சான்று கொடுத்தால் மருத்துவரின் பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்க முடியும். அதனால், தேதியை முன்னே போட்டுக் கொடுங்கள் என்று கேட்பது அவரைச் சிக்கலில் மாட்டுவதாகும்.

நம் ஆசிரியையிடம் திரும்புவோம். ஆகஸ்ட் 4-இல் முதல் கீமோ. 25-இல் இரண்டாவது. விடுப்பு முடிவது செப்டம்பர் 4. நீட்டிப்புக் கடிதம் செப்டம்பர் 4-க்குப் பிறகு போனால், 5-ஆம் தேதியிலிருந்து அவர் அனுமதியின்றி வராதவர் ஆகிவிடுவார். உண்மையில் நடக்கும் தவறு இதுதான். கீமோ போட்ட முதல் சில நாட்கள் வாந்தியும் அசதியுமாகப் போகும். கடிதம் எழுதும் நினைப்பே வராது. ஆகவே இரண்டாவது கீமோவுக்குப் போகும் 25-ஆம் தேதியன்றே அடுத்த சான்றைக் கேட்டு வாங்கி, வீட்டில் ஒருவர் கையில் கடிதத்தோடு பள்ளிக்குக் கொடுத்தனுப்பிவிட வேண்டும். இந்த இரண்டாவது கடிதம் முதலாவதைவிடச் சிறியது. முந்தைய விடுப்பின் தேதிகள், இப்போது கேட்கும் தேதிகள், புதிய சான்று. வேறு எதுவும் வேண்டாம். 5.9 முதல் இன்னும் 60 நாள் என்றால் அது 3.11 வரை.

இந்தக் கட்டத்தில் மருத்துவக் குழு வரும். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. நோய் உண்மைதானா, இத்தனை நாள் தேவைதானா என்று அரசு மருத்துவர்கள் சிலர் சேர்ந்து பார்ப்பார்கள். பயாப்ஸி முடிவு, அறுவைக்குப் பின் தந்த சிகிச்சைச் சுருக்கம், கீமோ நாட்கள் எழுதிய அட்டை, முந்தைய விடுப்புச் சான்றுகளின் நகல்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரே கோப்பாகக் கொண்டுபோனால் பேச வேண்டியது குறைவு. குழு கூடும் நாள் கீமோவுக்கு அடுத்த வாரத்தில் விழுந்தால், அந்த நாட்களில் நோய் எதிர்ப்பு குறைந்திருக்கும். கூட்டத்தில் காத்திருப்பது ஆபத்து. சிகிச்சை தரும் மருத்துவரிடம் அதையே எழுதி வாங்கி, வேறு நாள் கேட்டு அலுவலகம் வழியாக முன்பே அனுப்பிவிடலாம். சொல்லாமல் போகாமல் இருப்பதுதான் தவறாகப் படும்.

ஒவ்வொரு முறையும் கடிதம் கொடுக்கும்போது இரண்டு படிகள் எடுத்துச் செல்லுங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்ட கையொப்பமும் தேதியும் முத்திரையும் வாங்கி வீட்டில் வையுங்கள். களஞ்சியம் செயலியில் விண்ணப்பித்தாலும் இந்தப் படி இருக்கட்டும். நம்பிக்கைக் குறைவால் சொல்லவில்லை. ஏழு மாதத்தில் தலைமையாசிரியரே மாறுதலாகிப் போகலாம். புதிதாக வருபவருக்கு உங்கள் முகமே தெரியாது.

கடைசிக் கட்டம் திரும்பி வருவது. உடல்நிலை சரியாகிவிட்டது, ஆகவே போய்க் கையெழுத்துப் போடலாம் என்று நினைத்து வந்து நிற்பவர்கள் உண்டு. மருத்துவச் சான்றில் விடுப்பு எடுத்தவர் உடற்தகுதிச் சான்று இல்லாமல் பணியில் சேர முடியாது. முன்பு கொடுத்த விடுப்புச் சான்றுகளைப் பார்த்த பிறகே இந்த முடிவுக்கு வந்ததாகத் தகுதிச் சான்றில் மருத்துவர் உறுதி சொல்ல வேண்டியிருக்கும். அந்த நகல்கள் கையில் இல்லாமல் போனால் மருத்துவர் கையெழுத்திடத் தயங்குவது நியாயம். எனவே முதல் சான்று வாங்கிய நாளிலிருந்தே நகல்களைச் சேர்த்துவைக்க வேண்டும். தகுதிச் சான்றோடு, ‘இன்று முற்பகல் பணியில் சேர்ந்தேன்’ என்று ஒரு வரியில் பணியேற்புக் கடிதம் கொடுத்தால் வேலை முடிந்தது.

தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கடிதத்தை ஆசிரியர் அறையில் உரக்கப் படிக்காதீர்கள். என்ன நோய் என்று மற்றவர்கள் கேட்டால், விடுப்பில் இருக்கிறார் என்பதே போதுமான பதில். கணக்கில் குறை இருந்தால் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டிருக்காமல் அன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள். நான் அந்தக் கணக்கு ஆசிரியர் விஷயத்தில் முதல் இரண்டு நாளை அப்படித்தான் வீணாக்கினேன். எட்டு நாளில் இரண்டு நாள் என் கணக்கு.

அவர் பிழைத்து வந்தார். அடுத்த ஜூனில் பணியில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை பாடம் நடத்தினார். அவருடைய பணிப்பதிவேட்டில் அந்த மாதங்களைப் பற்றி நான் எழுதிய பதிவில் விடுப்பின் வகை, இரண்டு தேதிகள், நாட்களின் எண்ணிக்கை, ஆணை எண் ஆகியவை இருக்கின்றன. நோயின் பெயர் அதில் இல்லை.